நெல்லை ஊறப்போட்டது யார்?

அக்கரைப்பற்றிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு,



போன கிழமை வெண்பலகையில் ஒன்பது படங்கள் வரைந்தேன். நெல் மூட்டைகளோடு லொறி ஆலைக்கு வருகிறது. நெல்லைத் துப்புரவாக்கும் சல்லடை. 24 மணி நேரம் என்று எழுதிய ஊறல் தொட்டி. நீராவி ஏறும் அவியல் அண்டா. வெயிலில் நெல் பரப்பிய சீமெந்துக் களம், பக்கத்தில் இரண்டு நாள் என்று குறிப்பு. உமி நீக்கும் றப்பர் உருளைகள். தீட்டும் இயந்திரம். குறுணலைப் பிரிக்கும் சல்லடை. கடைசியில் தைத்துக் கட்டிய மூட்டை. உமி நீக்கும் இடத்திலிருந்து ஓர் அம்புக்குறி பின்னோக்கிப் போய் அவியல் அண்டாவின் அடுப்பில் முடிகிறது. இருபது நிமிடத்தில் 150 சொல்லுக்குக் குறையாமல் இதை எழுதுங்கள் என்றேன்.

உங்களில் ஒரு தம்பியின் குடும்பம் நெல் ஆலை நடத்துகிறது. நெல் அவிக்கும் மணத்தோடு வளர்ந்த பிள்ளை. இந்தப் படத்தை அவரை விட நன்றாக எழுதக்கூடியவர் அந்த வகுப்பில் இல்லை என்றுதான் நினைத்தேன். அவர் எழுதியது இப்படித் தொடங்கியது: "ஃபர்ஸ்ட்லி தே டேக் தி பேடி டு தி மில். தென் தே க்ளீன். தென் தே சோக் தி பேடி. தென் பேடி இஸ் ஸ்டீம். தென் இட் இஸ் ட்ரை." முடிவு இப்படி: "அட் லாஸ்ட் ரைஸ் இஸ் பேக்." நடுவில் பெரும்போகத்து நெல்லுக்கும் சிறுபோகத்து நெல்லுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று வரியில் இருந்தது. சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து தண்ணீர் வருவதும் இருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் எதுவும் படத்தில் இல்லை. படத்தில் இல்லாததை எழுதினால் புள்ளி கூடாது. கேள்வியை விட்டு விலகியதாகத்தான் கணக்கு.

ஆங்கில வாக்கியங்களையும் இந்த மடலில் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. நீங்கள் தவறவிடுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை அல்ல, காதில் விழாத ஓசையை. "சோக்" என்பதற்கும் "சோக்ட்" என்பதற்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன "ட்" பேச்சில் கரைந்துபோகிறது. தமிழ் எழுத்தில் அது ஒளிய முடியாது. வாய்விட்டு வாசியுங்கள்.

அந்தத் தம்பிக்கு நெல் தெரியும், ஆங்கிலச் சொற்களும் தெரியும். அவருக்குத் தடையாக நின்றது தமிழும் ஆங்கிலமும் ஒரே வேலையை வேறு வேறு வழியில் செய்வதுதான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடப் பட்டியல்கள் தேவையில்லை.

வீட்டில் மூத்தம்மாவிடம் புழுங்கல் அரிசி எப்படிச் செய்வது என்று கேட்டுப் பாருங்கள். "நெல்ல ஊறப்போட்டு, அடுத்த நாள் அவிச்சி, வெயில்ல காயவெச்சி, குத்திப் புடைச்சி எடுக்கிற" என்பார். இதில் யார் ஊறப்போட்டது? யார் அவித்தது? சொல்லவில்லை. நாமும் கேட்பதில்லை. தமிழில் எழுவாயை விட்டுவிட்டே வாக்கியத்தை முடிக்கலாம், ஒரு குறையும் தெரியாது. அதனால்தான் பேச்சுத் தமிழுக்கு இந்த இடத்தில் செயப்பாட்டு வினை தேவைப்படவில்லை. "நெல் ஊறவைக்கப்படுகிறது" என்று மூத்தம்மா சொன்னால் நாங்கள் சிரித்துவிடுவோம்.

ஆங்கில வாக்கியத்தில் வினைக்கு முன்னால் ஒரு கதிரை கிடக்கிறது. அது வெறுமையாக இருக்கக்கூடாது. யாரையாவது அல்லது எதையாவது அதில் இருத்தித்தான் ஆக வேண்டும். படத்திலோ ஆள் இல்லை. தொட்டியும் நெல்லும்தான் இருக்கின்றன. கதிரையை நிரப்ப வழி தேடிய தம்பி, "தே" என்ற சொல்லைக் கொண்டுவந்து இருத்தினார். அது யார் என்று பரீட்சகர் தேடுவார், கிடைக்க மாட்டார். ஆள் இல்லையென்றால் நெல்லையே அந்தக் கதிரையில் இருத்துங்கள்: "தி பேடி இஸ் சோக்ட்." செயப்பாட்டு வினை இந்த வேலைக்காகத்தான் இருக்கிறது. கல்விசார் எழுத்துக்கு அழகு சேர்க்கும் அலங்காரம் என்று அதை நினைத்துவிடாதீர்கள்.

தமிழில் நமக்கும் இது புதிதல்ல. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் "ஜமாஅத்தார் அனைவருக்கும் அறியத்தரப்படுகிறது" என்று கேட்கிறோம். பிரதேச செயலகத்துக் கடிதத்தில் "இத்தால் அறிவிக்கப்படுகின்றது" என்று வாசிக்கிறோம். அறிவிப்பவர் யார் என்பது அங்கே முக்கியமில்லை, செய்திதான் முக்கியம். செயன்முறைப் படமும் அப்படிப்பட்ட ஓர் அறிவித்தல்தான்.

எல்லா வினையையும் செயப்பாட்டில் போட்டால் சரியா? இல்லை. இங்கேதான் அடுத்த பிழை வருகிறது. "தே" எழுதாதே என்று நான் சொன்ன மறுநாள் ஒரு தங்கச்சி, "தி ஸ்டீம் இஸ் ரைசன்" என்று எழுதிக்கொண்டு வந்தார். நீராவியை யாரும் தூக்கி ஏற்றவில்லை, அது தானாக ஏறுகிறது. அங்கே "தி ஸ்டீம் ரைசஸ்" என்று மட்டும்தான் எழுதலாம். எதைச் செயப்பாட்டில் எழுதுவது, எதைச் செய்வினையில் விடுவது என்பதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஆங்கில இலக்கணப் புத்தகம் வேண்டாம். தமிழில் உங்களிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. அது இரண்டாம் வேற்றுமை உருபு, அந்த ஒற்றை எழுத்து "ஐ".

ஒவ்வொரு படத்துக்கும் மனதுக்குள் ஒரு தமிழ் வாக்கியம் சொல்லிப் பாருங்கள். நாம் பின்தொடர்ந்து போகும் பொருள் "ஐ" ஏற்கிறதா? "நெல்லை ஊறப்போடுகிறார்கள்." ஏற்கிறது. அப்படியென்றால் செயப்பாட்டு: "இஸ் சோக்ட்." "உமியை நீக்குகிறார்கள்." ஏற்கிறது: "இஸ் ரிமூவ்ட்." "நீராவி ஏறுகிறது." இதில் "நீராவியை ஏறுகிறது" என்று சொல்லிப் பாருங்கள், வாக்கியம் உடைகிறது. அப்படியென்றால் செய்வினை. "உமி வெடிக்கிறது." இதிலும் "ஐ" போட்டால் வாக்கியம் உடைகிறது, அவியும்போது நெல்லின் உமி தானாகவே பிளக்கிறது, "தி ஹஸ்க் ஸ்ப்ளிட்ஸ்."

பேச்சில் நாங்கள் உருபை விழுங்கிவிடுவோம் என்பதையும் நினைவில் வையுங்கள். "நெல்லு அவிச்சாச்சு" என்பதில் "ஐ" வெளியே தெரியாது. அதனால் உருபு இருக்கிறதா என்று தேட வேண்டாம், போட்டால் பொருந்துகிறதா என்று பாருங்கள். "நெல்ல அவிச்சாச்சு" பொருந்துகிறது. போதும்.

இன்னொரு கவனம். "நெல் ஆலையை அடைகிறது" என்ற வாக்கியத்தில் "ஐ" இருக்கிறது, ஆனால் அது ஆலையின் மேல் ஏறியிருக்கிறது. நாம் பின்தொடரும் பொருள் நெல். அதன் மேல் உருபு இல்லை. ஆகவே "தி பேடி ரீச்சஸ் தி மில்", செய்வினைதான். அதே படத்தை "நெல்லை ஆலைக்குக் கொண்டுவருகிறார்கள்" என்று சொன்னால் உருபு நெல்லின் மேல் வந்துவிடுகிறது, "தி பேடி இஸ் டெலிவர்ட் டு தி மில்." இரண்டும் சரியான ஆங்கிலம். படத்தில் லொறி இருப்பதால் நான் இரண்டாவதை எடுப்பேன்.

தமிழின் வினைகளில் இன்னும் நுட்பமான உதவி ஒன்று ஒளிந்திருக்கிறது. பிரிகிறது, பிரிக்கிறது. உடைகிறது, உடைக்கிறது. சேர்கிறது, சேர்க்கிறது. ஒரு "க்" வந்தவுடன் வேலை தானாக நடப்பதிலிருந்து யாரோ செய்விப்பதாக மாறிவிடுகிறது. குறுணல் "பிரிகிறது" என்றால் செய்வினை, குறுணலைப் "பிரிக்கிறார்கள்" என்றால் செயப்பாட்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே சொல்தான், "செபரேட்", "ப்ரேக்", "ட்ரை". அதனால் ஆங்கிலச் சொல்லைப் பார்த்து முடிவெடுக்க முடியாது, தமிழ் வினையைப் பார்த்து முடிவெடுக்கலாம். கல்முனைக்குடியில் பிறந்த மொழியியலாளர் எம்.ஏ. நுஃமானின் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' 1999இல் வந்தது. கையில் கிடைத்தால் அதில் வினைகளைப் பற்றிய பகுதியைப் படியுங்கள். ஆங்கிலப் பரீட்சைக்குத் தமிழ் இலக்கணமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். "நெல் அவிகிறது" என்று தமிழில் சொல்லலாம், உருபு இல்லை. அப்படியே "தி பேடி ஸ்டீம்ஸ்" என்று எழுதினால் நெல்லிலிருந்து ஆவி பறக்கிறது என்று பொருள் வந்துவிடும். ஆங்கில வினை அந்தப் பொருளில் தானாக நிற்குமா என்பதில் சந்தேகம் வந்தால் "ஐ" உள்ள வாக்கியத்தையே எடுங்கள். ஆலையில் நடக்கும் வேலைகளுக்குப் பின்னால் எப்போதும் ஓர் ஆள் இருப்பார், அதனால் செயப்பாட்டு அநேகமாகத் தவறாது. இயற்கைச் சக்கரங்களில்தான் நிலைமை தலைகீழ். மழை எப்படி உண்டாகிறது, இறால் எப்படி முட்டையிலிருந்து வளர்கிறது என்ற படம் வந்தால் "ஐ" ஏறும் இடங்கள் மிகச் சிலவே. தண்ணீர் ஆவியாகிறது, மேகம் உருவாகிறது, மழை பெய்கிறது. அந்தப் படத்துக்கும் செயப்பாட்டையே நிரப்பி எழுதினால், படத்தைப் பார்க்காமல் எழுதியதுபோல் இருக்கும்.

இனி அந்த "ட்". தம்பி எழுதியதில் "பேடி இஸ் ஸ்டீம்", "இட் இஸ் ட்ரை", "ரைஸ் இஸ் பேக்" என்று மூன்று இடம். மூன்றிலும் செயப்பாட்டுதான் மனதில் இருந்தது, "இஸ்" வந்துவிட்டது, வால் மட்டும் விழுந்துவிட்டது. முதல் வாக்கியத்தை அப்படியே வாசித்தால் நெல் என்பதே நீராவி என்று பொருளாகிறது. இரண்டாவது இன்னும் மோசமான பொறி. "இட் இஸ் ட்ரை" இலக்கணப்படி சரியான வாக்கியம், ஆனால் நெல் ஏற்கெனவே காய்ந்து கிடக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். காயவைக்கிறார்கள் என்று சொல்ல "இட் இஸ் ட்ரைட்" வேண்டும். எழுதி முடித்தபின் இரண்டு நிமிடம் ஒதுக்கி, "இஸ்", "ஆர்" என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் விரலை வைத்து, பின்னால் வரும் சொல்லின் கடைசி ஓசையை மட்டும் பாருங்கள். வேறு எதையும் திருத்த வேண்டாம். வால் இல்லாமல் வடிவமே மாறும் சொற்கள் இந்தப் படத்துக்குச் சில தேவைப்படும்: கொண்டுபோவதற்கு "டேக்கன்", அனுப்புவதற்கு "சென்ட்", இயந்திரத்துக்குள் போடுவதற்கு "ஃபெட்", காற்றால் ஊதித் தள்ளுவதற்கு "ப்ளோன்". "பரப்புதல்" என்பதற்கு "ஸ்ப்ரெட்", அது மாறவே மாறாது. "பேடி", "ரைஸ்" இரண்டும் எண்ணிக்கையில் அடங்காதவை, அவற்றுக்கு "இஸ்". "க்ரெய்ன்ஸ்" என்று எழுதினால் "ஆர்". நடுவில் சொல்லை மாற்றினால் துணைவினையும் கூடவே மாற வேண்டும். நீங்கள் சறுக்கும் இடம் அதிகமாக இதுதான்.

படத்தில் ஆண்டுகள் இல்லையென்றால் முழுவதும் நிகழ்காலம். "பை வேர்க்கர்ஸ்" என்று ஒவ்வொரு வரியிலும் ஆளைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டாம். ஆளை விடுவதற்குத்தானே இந்த வடிவத்தையே எடுத்தோம்.

இப்போது "தென்". தம்பியின் விடைத்தாளில் அதை எண்ணினேன், பதினொன்று. அவரைக் குறைசொல்ல மாட்டேன், ஏனென்றால் இதற்கும் வேர் தமிழில்தான் இருக்கிறது. மூத்தம்மாவின் வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள்: ஊறப்போட்டு, அவிச்சி, காயவெச்சி, குத்தி, புடைச்சி. ஒரு "பிறகு" கூட இல்லை. வரிசையை வினையெச்சமே சுமக்கிறது. முந்தையது முடிந்த பிறகுதான் அடுத்தது என்பது அந்தச் சொல்லின் வாலிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வால் இல்லை என்று தெரிந்ததும், பிள்ளைகள் ஒவ்வோர் எச்சத்தையும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு "தென்" வைக்கிறார்கள். ஒரு வாக்கியத்தில் ஐந்து வினை இருந்ததால் ஐந்து "தென்" வருகிறது.

இதற்கு மருந்தாக "ஃபர்ஸ்ட்லி, செகண்ட்லி, தேர்ட்லி, ஃபோர்த்லி" என்று ஒரு தாளை அடித்துக் கொடுக்கும் டியூசன் வகுப்புகள் இருக்கின்றன. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அந்தச் சொற்கள் காரணங்களை அடுக்குவதற்கு உரியவை, வேலைகளை அடுக்குவதற்கு அல்ல. அதோடு, இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதும் பிழையாகப் பயன்படுத்துவதும் 5ஆம் பேண்டுக்குரிய அடையாளம் என்று பரீட்சையின் மதிப்பீட்டு விவரணத்திலேயே இருக்கிறது. வாக்கியத்துக்கு ஒன்று என்று ஒட்டினால் புள்ளி ஏறாது, இறங்கும்.

வினையெச்சம் செய்யும் வேலையை ஆங்கிலம் வாக்கியத்தின் கட்டமைப்பால் செய்கிறது. "காய்ந்ததும்" என்று நாம் சொல்லும் இடத்தில் "ஒன்ஸ்". "உமி வெடிக்கும்வரை" என்பதற்கு "அன்டில்". "காயவைக்க முன்" என்பதற்கு "பிஃபோர் பீயிங் ட்ரைட்". முந்தைய வாக்கியம் முழுவதையும் பிடித்துக்கொண்டு "அதன் பிறகு" என்று தொடர "ஆஃப்டர் விச்". ஓர் இடத்தைச் சொல்லிவிட்டு அங்கே நடப்பதைத் தொடர "வேர்". இவை ஐந்தும் கைவந்தால் "தென்" ஒன்றோ இரண்டோ போதும். பல இடங்களில் எதுவுமே வேண்டாம், ஒரு வேலையை அடுத்து இன்னொரு வேலையை எழுதினாலே வரிசை புரிந்துவிடும்.

இரண்டு சொற்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "அட் ஃபர்ஸ்ட்" என்பதை "முதலில்" என்று நினைத்து எழுதுகிறீர்கள். அது "ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது, பிறகு மாறிவிட்டது" என்ற பொருளுள்ள சொல். "அட் லாஸ்ட்" என்பதோ நெடுநாள் காத்திருந்து "அப்பாடா, ஒருவழியாக" என்று பெருமூச்சு விடும் சொல். பஸ் வந்தால் சொல்லலாம். அரிசி மூட்டை கட்டுவதற்கு "ஃபைனலி" போதும்.

சொற்களை விடக் கனமான பிழை ஒன்று இருக்கிறது. அன்று வகுப்பில் ஏறக்குறைய எல்லாருமே அதைச் செய்தீர்கள், அதனால் இதில் கொஞ்சம் நேரம் எடுக்கிறேன். உமி நீக்கும் உருளையிலிருந்து இரண்டு அம்புக்குறிகள் புறப்படுகின்றன. ஒன்று அரிசியைத் தீட்டும் இயந்திரத்துக்குப் போகிறது. மற்றது உமியை அடுப்புக்குத் திருப்புகிறது. நீங்கள் எழுதியது: உமி நீக்கப்படுகிறது, பிறகு உமி எரிக்கப்படுகிறது, பிறகு அரிசி தீட்டப்படுகிறது. இதை வாசிப்பவர், உமி எரிந்து முடிந்த பிறகுதான் அரிசியைத் தீட்டலாம் போலும் என்று விளங்கிக்கொள்வார். அது பொய். இரண்டும் ஒரே நேரத்தில், வேறு வேறு இடத்தில் நடக்கின்றன. நீங்கள் போட்ட ஒரு "நெக்ஸ்ட்" படத்தில் இல்லாத ஒரு வரிசையை உண்டாக்கிவிட்டது.

அம்பு இரண்டாகப் பிரியும் இடத்தில் வரிசைச் சொல்லைத் தொடவே கூடாது. அங்கே "வைல்" அல்லது "மீன்வைல்" வேண்டும். அம்பு பின்னோக்கித் திரும்பும் இடத்தில் "பேக்" வேண்டும், "இஸ் சென்ட் பேக் டு தி பாய்லர்." அந்தத் திரும்பும் அம்புதான் இந்தப் படத்தின் மிக முக்கியமான செய்தியும்கூட. 100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமி. அதுவே அடுத்த நெல்லை அவிக்கும் விறகாகிறது. நெல் ஆலைப் பிள்ளைக்கு இது பழகிப்போன விஷயம் என்பதால் அவர் அதை எழுதவே இல்லை. ஊர்க்காரருக்குத் தெரிந்தது என்று பரீட்சகருக்கும் தெரிந்ததாக விட்டுவிட முடியாது. படத்தில் இல்லாததை எழுதினார், படத்தில் இருந்ததை விட்டுவிட்டார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: அவர் படத்தைப் பார்த்து எழுதவில்லை, தன் ஆலையை நினைத்து எழுதினார்.

அதனால் பேனையை எடுக்க முன் ஒரு நிமிடம் அம்புகளை மட்டும் பாருங்கள். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எங்கே பிரிகிறது, எங்கே திரும்புகிறது. இதுவே உங்கள் பொதுநோக்கு வாக்கியமும் ஆகிவிடும். "ஓவரால்" என்று தொடங்கும் அந்த வாக்கியம் இல்லாத விடை, படிகளை இயந்திரம்போல் ஒப்பித்த விடையாகவே மதிப்பிடப்படும். இந்தப் படத்துக்கு இவ்வளவு போதும்: நெல் ஆலைக்கு வருவதில் தொடங்கி மூட்டை கட்டுவதில் முடியும் ஒன்பது படிகள், முதற்பாதி நனைத்து அவித்துக் காயவைப்பது, பிற்பாதி இயந்திரத்தில் உமியும் தவிடும் குறுணலும் நீக்குவது, கழிவு ஒன்று எரிபொருளாகத் திரும்பிப் போகிறது. எண் எழுதி அடுக்கிய ஒன்பது பந்திகள் வேண்டாம். இந்த இரண்டு பாதிகளே இரண்டு பந்திகள். முடிவுரையும் வேண்டாம், கருத்தும் வேண்டாம். கேள்வி அவற்றைக் கேட்கவில்லை.

அந்தத் தம்பியோடு உட்கார்ந்து அவர் வாக்கியங்களையே திருத்தினோம். ஒவ்வொரு படத்துக்கும் அவர் முதலில் தமிழில் சொன்னார், "ஐ" வந்த இடத்தில் விரலால் மேசையைத் தட்டினார், பிறகு ஆங்கிலத்தில் எழுதினார். அம்பு பிரியும் இடம் வந்ததும் நின்று, "டீச்சர், இதுல ரெண்டும் ஒண்டாத்தான் நடக்கும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே "வைல்" போட்டார். நடுப்பகுதி கடைசியில் இப்படி வந்தது. வாய்விட்டு வாசியுங்கள், ஒவ்வொரு வாலும் கேட்க வேண்டும்:

"தி பேடி இஸ் ஃபர்ஸ்ட் க்ளீன்ட் டு ரிமூவ் ஸ்டோன்ஸ் அண்ட் ஸ்ட்ரா, அண்ட் இஸ் தென் சோக்ட் இன் அ டேங்க் ஃபார் 24 அவர்ஸ். இட் இஸ் ஸ்டீம்ட் அன்டில் தி ஹஸ்க்ஸ் ஸ்ப்ளிட், ஆஃப்டர் விச் இட் இஸ் ஸ்ப்ரெட் ஆன் அ ஃப்ளோர் அண்ட் ட்ரைட் இன் தி சன் ஃபார் டூ டேய்ஸ். ஒன்ஸ் தி க்ரெய்ன் இஸ் ட்ரை, தி ஹஸ்க் இஸ் ரிமூவ்ட் பை ரப்பர் ரோலர்ஸ். வைல் தி ரைஸ் இஸ் பீயிங் பாலிஷ்ட், தி ஹஸ்க் இஸ் சென்ட் பேக் டு தி பாய்லர், வேர் இட் இஸ் பர்ன்ட் டு ப்ரொடியூஸ் ஸ்டீம்."

"தென்" ஒன்றே ஒன்று. "ஹஸ்க்ஸ் ஸ்ப்ளிட்" மட்டும் செய்வினை, ஏனென்றால் உமி தானாக வெடிக்கிறது. "தி க்ரெய்ன் இஸ் ட்ரை" இங்கே வால் இல்லாமல் இருப்பது பிழையல்ல. காய்ந்துவிட்ட நிலையைத்தான் அது சொல்கிறது. அதைத் திருத்தப் போனவரும் அவர்தான், "இல்ல டீச்சர், இது காஞ்சிருக்கு எண்டுதான்" என்று அழித்ததைத் திரும்ப எழுதியவரும் அவர்தான். "பை ரப்பர் ரோலர்ஸ்" என்று அங்கே மட்டும் செய்யும் பொருள் வந்திருக்கிறது, படத்தில் உருளைகள் வரைந்திருப்பதால். பரீட்சகருக்கு அந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லும் தகவல் அது.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வகுப்பு. ஆலைப் படம் வேண்டாம். உங்கள் வீட்டில் நடக்கும் ஒரு வேலையை எடுத்து ஏழு படமாக வரைந்துகொண்டு வாருங்கள். தயிர் உறைய வைப்பது, கருவாடு போடுவது, தும்பு அடிப்பது, எதுவாகவும் இருக்கலாம், ஆனால் எங்காவது ஓர் அம்பு இரண்டாகப் பிரிய வேண்டும். படத்தை உங்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பீர்கள், அவர்தான் எழுதுவார். தயிர் வரைகிறவர்கள் ஒன்றை யோசித்துக்கொண்டு வாருங்கள்: பாலைக் காய்ச்சுகிறோம், உறை ஊற்றுகிறோம், தயிர் உறைகிறது. இதில் எத்தனை "ஐ"?

இப்படிக்கு,
உங்கள் டீச்சர்
அக்கரைப்பற்று